சோலார் போன் சார்ஜிங், விளக்கு வாடகைக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லா ஊருக்கும் கரண்ட் வந்துவிட்டது என்கிறார்களே, இந்தக் கடைக்கு இன்னும் ஆள் வருவார்களா?

ஊரைப் பொறுத்தது. வீடுகளுக்கு மின் இணைப்புக் கொடுக்க மத்திய அரசு 2017-இல் சௌபாக்யா திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மின் இணைப்பே இல்லாத வீடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சமவெளியில், பஸ் நிற்கும் ஊரில், வீடு வீடாக மீட்டர் இருக்கும் இடத்தில் இந்தக் கடையைப் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆள் இருப்பது மூன்று இடங்களில். முதலாவது, காட்டுக்குள் இருக்கும் மலைக் குடியிருப்புகள். அங்கே கம்பம் நட வனத்துறை அனுமதி வேண்டும், அது இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது, வீட்டில் கரண்ட் இருந்தும் வயல்காட்டில் இல்லாதவர்கள். ராகியும் சோளமும் கதிர் பிடிக்கும் மாதங்களில் பன்றிக்கும் யானைக்கும் பரணில் ராக்காவல் இருக்கிறார்கள், அவர்களுக்கு விடிய விடிய விளக்கு வேண்டும். மூன்றாவது, சாயங்காலச் சந்தையிலும் ரோட்டோரத்திலும் தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள். பெங்களூரு பக்கம் செல்கோ என்ற சோலார் நிறுவனம் செய்து காட்டிய முறை இந்த மூன்றாவது வகைதான்: பகலில் ஒருவர் விளக்குகளை சார்ஜ் செய்து, இருட்டும் நேரத்தில் வண்டிக்கு வண்டி கொடுத்துவிட்டு, இரவில் திரும்ப வாங்கிக்கொள்வார்.

கடை போடுமுன் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். இப்போது போனை எங்கே சார்ஜ் போடுகிறார்கள், அதற்கு என்ன செலவாகிறது? கீழே இறங்கி டீக்கடையில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு 20 ரூபாயும் அரை நாள் கூலியும் விடுகிறார்கள் என்றால் உங்கள் கடை நிற்கும். பக்கத்து வீட்டில் சும்மா போட்டுக்கொள்கிறார்கள் என்றால் நிற்காது.

30 விளக்கு, நாளுக்கு 25 போன் என்று யோசித்திருக்கிறேன். எத்தனை வாட் பேனல் வாங்க வேண்டும்?

பேனலை வாட்டில் விற்கிறார்கள். நீங்கள் கணக்குப் போட வேண்டியது வாட்-மணியில், அதாவது ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு மின்சாரத்தை வெளியே கொடுக்கிறீர்கள் என்பதில்.

இன்றைய நல்ல வாடகை விளக்கு 2 வாட் எல்.இ.டி. இரவு 6 மணி நேரம் எரிந்தால் 12 வாட்-மணி. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும், அதனால் 15 என்று வையுங்கள். 30 விளக்கு இருந்தாலும் ஓர் இரவில் வெளியே போவது 24 என்று நினைப்பதுதான் நடைமுறை. அது 360 வாட்-மணி.

பட்டன் போனின் பேட்டரி சுமார் 1000 மில்லி ஆம்பியர்-மணி. காலியிலிருந்து நிறைக்க 5 வாட்-மணி போதும். ஸ்மார்ட்போன் அப்படி இல்லை, முழுசாக ஏற்ற 20 முதல் 25 வரை குடிக்கும். 15 பட்டன் போன், 10 ஸ்மார்ட்போன் என்றால் 75 + 220. எல்லாம் கூட்டினால் நாளுக்கு 655 வாட்-மணி வருகிறது.

இனி வெயில். தமிழ்நாட்டில் சாதாரண நாளில், பேனல் தன் முழு அளவில் உழைத்ததற்குச் சமமாக நாலரை மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு, தூசி, ஒயர், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் கழித்தால் அதில் 65 சதவீதம்தான் கையில் வரும். இரண்டு 165 வாட் பேனல், மொத்தம் 330 வாட் போட்டால்: 330 × 4.5 × 0.65 = 965. தேவை 655, கிடைப்பது 965. மீதி 300 அதிகம் போலத் தெரியும். ஆனால் மேகமான நாளில் காலியான பேட்டரியை மறுபடி நிறைப்பது அந்த 300தான். அதைக் குறைத்தால் ஐப்பசியில் கடையை மூட வேண்டிவரும்.

பேனலை ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் 2008-இல் தொடங்கிய விளக்கு வாடகைத் திட்டத்தில் ஒரு கிராம நிலையம் என்பது 50 விளக்கு, 5 பேனல், 5 இணைப்புப் பெட்டி. பத்துப் பத்து விளக்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பேனலோ பெட்டியோ கெட்டால் பத்து விளக்குதான் படுக்கும், மீதி நாற்பது ஓடும். மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் ஊருக்கு இது பெரிய விஷயம்.

பேனல் கடைக்காரர், "335 வாட் பேனல் ஒன்றே போதும், விலையும் குறைவு, 12 வோல்ட் பேட்டரியிலேயே மாட்டலாம்" என்கிறார். வாங்கலாமா?

கன்ட்ரோலர் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சின்னக் கடைகள் பாதியில் நின்றுபோவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இந்தப் பொருத்தம் தவறுவதுதான்.

335 வாட் பேனலில் 72 செல் இருக்கும். அது சுமார் 38 வோல்ட்டில் 9 ஆம்பியர் கொடுத்தால்தான் 335 வாட். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலருக்கு வோல்டேஜை மாற்றத் தெரியாது. பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும். அப்போது 13 வோல்ட், 9 ஆம்பியர், ஆக 117 வாட். வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு கூரையிலேயே போய்விடும். பேனலும் நல்ல பேனல், பேட்டரியும் நல்ல பேட்டரி, ஆனால் சாயங்காலம் விளக்குகள் பாதிதான் ஏறியிருக்கும்.

அந்தப் பேனலுக்கு வோல்டேஜை மாற்றத் தெரிந்த எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும், அதன் விலை சில மடங்கு அதிகம். இல்லையென்றால் 36 செல் உள்ள, 12 வோல்ட் பேட்டரிக்கென்றே வரும் 165 வாட் பேனல் இரண்டை இணையாக மாட்டி, 30 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். போடுங்கள். நம் கணக்கு இதை வைத்துத்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நல்ல உச்சி வெயிலில், பேட்டரி கொஞ்சம் காலியாக இருக்கும்போது கன்ட்ரோலர் திரையில் சார்ஜிங் ஆம்பியரைப் பாருங்கள். அதை பேட்டரி வோல்டேஜால் பெருக்கினால் பேனல் வாட்டில் மூன்றில் இரண்டு பங்காவது வர வேண்டும். மூன்றில் ஒன்றுதான் வருகிறது என்றால் பொருத்தம் தவறு. ஆம்பியரே பேனலில் போட்டிருப்பதைவிட வெகுவாகக் குறைவு என்றால் நிழலையும் ஒயரையும் பாருங்கள். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்தப் பேனலும் படுத்துவிடும். ஒயர் பத்து மீட்டர் ஓடுகிறது என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய மெல்லிய ஒயரை வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

இன்வெர்ட்டர் ஒன்று வைத்து, சாதாரண சார்ஜர்களை மாட்டினால் ஆகாதா? எல்லாருக்கும் சார்ஜர் இருக்கிறதே.

ஆகும், ஆனால் நஷ்டம். சின்ன இன்வெர்ட்டர் ஒன்றுமே மாட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 10 வாட், சிலது அதற்கும் மேல் தின்னும். காலை 8 முதல் மாலை 6 வரை என்றால் 100 வாட்-மணி போச்சு. அது இருபது பட்டன் போனுக்கான மின்சாரம். 12 வோல்ட்டிலிருந்து நேராக யு.எஸ்.பி. கொடுக்கும், கார்களில் வைக்கும் வகை மாற்றிகளை வரிசையாக மாட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். கேபிளில் மெல்லிய பின், மைக்ரோ, டைப்-சி மூன்றும் தாராளமாக வைத்திருங்கள். முதலில் தேய்ந்து போவது அவைதான்.

எந்த மாதிரி விளக்கு வாங்குவது? சந்தையில் 300 ரூபாய்க்கும் இருக்கிறது, 1000-க்கும் இருக்கிறது.

உள்ளே என்ன பேட்டரி என்பதைப் பாருங்கள். வாடகை விளக்கு தினமும் காலியாகி தினமும் நிறைகிறது. வீட்டு எமர்ஜென்சி விளக்குக்கு அந்த உழைப்பு கிடையாது. அதில் இருக்கும் சின்ன ஈயப் பேட்டரி இந்த வேலைக்கு ஒரு வருஷம்கூடத் தாங்குவது சிரமம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், 3.2 வோல்ட், 6000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள விளக்கைக் கேளுங்கள். அதில் சுமார் 19 வாட்-மணி இருக்கும், இரவில் செலவாவது 12. மிச்சம் இருக்கும்போதே திரும்பி வருவதால் செல்லின் ஆயுள் நீள்கிறது.

கழற்றி மாட்டக்கூடிய விளக்காகவும் இருக்க வேண்டும். திருகைக் கழற்றினால் செல் கையில் வர வேண்டும். ஒட்டி மூடியிருந்தால் செல் போன அன்றே விளக்கும் போனது. செல் மாற்றும்போது கடைக்காரர், "இதுவும் லித்தியம்தான்" என்று 3.7 வோல்ட் செல்லைக் கொடுப்பார். வேண்டாம். 3.2 வோல்ட் செல்லுக்கான விளக்கில் அது முழுசாக ஏறாது. 3.7-க்கான விளக்கில் 3.2-ஐ மாட்டினால் அளவுக்கு மீறி ஏறி செல் கெடும்.

செல் தளர்வதை வாடிக்கையாளர் சொல்லி நீங்கள் அறியக்கூடாது. அன்றைக்கு அவர் பாதி ராத்திரியில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். வாடகைக்குப் போகாமல் கடையில் நிற்கும் விளக்குகளில் வாரம் இரண்டு மூன்றை எடுத்து, முழு சார்ஜில் ஏற்றி விட்டு, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நோட்டில் எழுதுங்கள். புதிது எட்டு மணி நேரம் போகும். ஆறுக்கு இறங்கினால் அதைச் சந்தை விளக்காக மாற்றுங்கள், அவர்களுக்கு நாலு மணி நேரம் போதும். ஐந்துக்குக் கீழே போனால் செல்லை மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மூன்று நாள் வெயிலே இல்லை என்றால் என்ன செய்வது?

நம் ஊரில் இந்தத் தொழிலுக்குப் பரீட்சை ஐப்பசி, கார்த்திகைதான். அடைமழை நாளில் 330 வாட் பேனல் 250 வாட்-மணி கொடுத்தாலே அதிகம். தேவை 655. மீதி 400-ஐ பேட்டரி கொடுக்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியில் 1200 இருக்கிறது என்றாலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். ஆக உங்கள் கையில் 600. முதல் நாளை முழுசாகத் தாண்டலாம், இரண்டாம் நாளில் அரையும் குறையுமாகத்தான்.

எப்போது நிறுத்துவது என்பதை மனதால் முடிவு செய்யாதீர்கள். காலையில் எதையும் மாட்டுமுன் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.2-ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்கு வானத்திலிருந்து வருவது மட்டும்தான் வெளியே போக வேண்டும்.

அந்த நாளில் யாருக்குக் கொடுப்பது? ஒரு வாட்-மணிக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பட்டன் போன் 5 வாட்-மணிக்கு 5 ரூபாய், அதாவது ஒன்றுக்கு ஒரு ரூபாய். ஸ்மார்ட்போன் 22-க்கு 10 ரூபாய், ஒன்றுக்கு 45 பைசா. விளக்கு 15-க்கு 5 ரூபாய், 33 பைசா. பட்டன் போனை எந்த நாளிலும் திருப்பி அனுப்ப வேண்டாம், அது எடுப்பது கொஞ்சம், கொடுப்பது அதிகம். ஸ்மார்ட்போனை அன்று பாதி வரை மட்டும் ஏற்றி 5 ரூபாய் வாங்குங்கள். விளக்கு கணக்கில் கடைசி. ஆனால் அதை நான் கடைசியில் வைக்க மாட்டேன். மழை ராத்திரியில் விளக்குத் தேவைப்படும் வீட்டுக்கு வேறு வழி இல்லை, அந்த ராத்திரி கைவிட்டால் அந்த வீடு அடுத்த மாதமும் உங்களிடம் வராது. கைக்குழந்தை, நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, அன்று அவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

வெயில் வந்ததும் முழு வியாபாரத்தையும் உடனே திறக்காதீர்கள். அந்த 600-ஐ மறுபடி நிறைக்க இரண்டு நல்ல வெயில் நாள் வேண்டும். ஈயப் பேட்டரியைப் பாதியிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தால் தகட்டில் உப்புப் படிந்து கொள்ளளவு போய்விடும். காலை பத்து மணிக்கே "ஃபுல்" என்று காட்டி, நாலு விளக்கு மாட்டியதும் சடாரென்று இறங்கினால் அந்த நோய் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாடகை எவ்வளவு வைக்கலாம்? உண்மையில் மாசம் என்ன நிற்கும்?

மேலே சொன்ன கடையையே எடுத்துக்கொள்வோம். விலைகள் தோராயம், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 30 விளக்கு 27,000. இரண்டு பேனல் 12,000. பேட்டரி 11,000. கன்ட்ரோலர் 2,000. ஒயர், ஃப்யூஸ், யு.எஸ்.பி. மாற்றிகள், அலமாரி 6,000. மொத்தம் 58,000 ரூபாய்.

வரவு: விளக்கு 24 × 5 = 120. பட்டன் போன் 15 × 5 = 75. ஸ்மார்ட்போன் 10 × 10 = 100. நாளுக்கு 295. மழை, திருவிழா, சொந்த வேலை போக மாதம் 25 நாள் என்றால் 7,375.

இதில் செலவு செய்யக்கூடாத பணம் ஒன்று இருக்கிறது. விளக்கு செல்கள் மூன்று வருஷத்தில் மாற்றியாக வேண்டும், 250 ரூபாய் வீதம் 7,500. பெரிய பேட்டரி நாலு வருஷம் ஓடினால் நல்லது. வருஷத்துக்கு ஐந்து விளக்காவது உடையும், தொலையும். கேபிள் தேயும். எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் ஆயிரத்தை ஒட்டி வரும், அதாவது கடை திறக்கும் நாளுக்கு 40 ரூபாய். அந்த 40-ஐ அன்றன்றைக்கே தனி டப்பாவில் போட்டு, வாரம் ஒருமுறை அஞ்சலகக் கணக்கிலோ சுயஉதவிக் குழுவிலோ கட்டிவிடுங்கள். இந்த மாதிரிக் கடைகள் முதல் வருஷத்தில் மூடுவதில்லை. மூன்றாம் வருஷம், விளக்குகள் வரிசையாக மங்கும்போது செல் வாங்கக் காசில்லாமல் மூடுகின்றன.

40,000 கடன், 12 சதவீத வட்டி, 24 மாதம் என்றால் தவணை சுமார் 1,900. எல்லாம் கழித்தால் 4,475 ரூபாய் நிற்கும். ஒரு குடும்பத்துக்கு இது போதாது. பெட்டிக்கடை, டீக்கடை, தையல் என்று ஏற்கெனவே நாள் முழுக்க ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இந்தத் தொழில் சரிப்படும். அவருக்கு இது கூடுதல் வரவு, போன் போட வருபவர் பீடியும் சோப்பும் வாங்கிப் போவார்.

தினம் 5 ரூபாய் கொடுப்பதற்கு விளக்கையே வாங்கிவிட மாட்டார்களா?

வாங்குவார்கள். மாதம் 150 என்றால் ஆறு மாதத்தில் விளக்கு விலை வந்துவிடுகிறது, அது யாருக்கும் தெரியாமல் இல்லை. தினமும் எடுக்கும் வீட்டுக்கு நீங்களே தவணையில் விற்றுவிடுங்கள். அந்த வீடு பிறகு விளக்கை சார்ஜ் போட மட்டும் வரும், 2 ரூபாய் வாங்கலாம், செல் கெட்டால் அது அவர்கள் செலவு. வாடகைக்கு நிலையாக நிற்பவர்கள் சில நாள் மட்டும் தேவைப்படுகிறவர்கள்: காவல் காலம், சந்தை நாள், கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு. சாவு வீட்டுக்குக் காசு வாங்காமல் கொடுக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு, அது நல்ல வழக்கம்.

கொடுத்த விளக்கு நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால்?

வெயிலின் பெரும்பகுதி பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறது. விளக்கு பதினொன்றுக்கு வந்தால் அன்றைக்கு அது முழுசாக ஏறுவது சந்தேகம். அதனால் ஒன்பது மணிக்குள் திருப்பினால் 5, தாண்டினால் 7 என்று வையுங்கள். 100 ரூபாய் முன்பணம், விளக்கின் அடியில் அழியாத பெயின்ட்டில் எண், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வீட்டுப் பெயர். எண் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: எந்த விளக்கு யாரிடம் போனபோது கெட்டது என்று தகராறு இல்லாமல் பார்க்கலாம்.

"உன்கிட்ட போட்டதில் இருந்துதான் போன் கெட்டுப்போச்சு" என்று ஒருவர் வந்தால் என்ன சொல்வது?

வாங்கும்போதே அவர் முன்னால் மூன்று விஷயம் பாருங்கள்: திரை எரிகிறதா, சார்ஜ் எத்தனை சதவீதம், பின்மூடி உப்பியிருக்கிறதா. மேஜை மேல் வைத்து விரலால் தட்டினால் உப்பிய போன் தட்டாமாலை சுற்றும். அந்தப் போனை எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டாதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. மழையில் நனைந்த போனையும் அப்படியே. சதவீதத்தை நோட்டில் எழுதி, எண் போட்ட டோக்கனில் ஒன்றைப் போனோடு ரப்பர் பேண்டில் கட்டி, ஜோடியை அவர் கையில் கொடுங்கள். டோக்கன் இல்லாமல், சொந்தத் தம்பியே வந்தாலும், அடுத்தவர் போனைத் தராதீர்கள்.

ரெண்டு வருஷத்தில் ஊருக்குக் கம்பி வந்துவிட்டால் போட்ட முதல்?

அதனால்தான் கடனை 24 மாதத்துக்கு மேல் வாங்க வேண்டாம் என்கிறேன். கம்பி வந்த முதல் மாதமே போன் வருமானம் பாதிக்கு மேல் விழும். விளக்கு அவ்வளவு வேகமாக விழாது, ஏனென்றால் மலையில் ஒரு காற்றடித்தால் லைன் இரண்டு மூன்று நாளுக்குப் போய்விடும். அந்த நாட்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பாதி விலைக்கு வாடிக்கையாளர்களுக்கே கொடுத்துவிடலாம். பேனலும் கன்ட்ரோலரும் பெட்டிக்கடையின் விளக்குக்கும் ஃபேனுக்கும் ஆகும். பேட்டரி பழசாகியிருந்தால் அதைக் காயலான் கடையில் போடாமல், பேட்டரி விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்து ஈயத்துக்கான விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி திரும்பிச் சேர்வதற்கு இன்றைய விதிப்படி பொறுப்பு அதைத் தயாரித்த நிறுவனத்துடையது.